ரீஃபண்ட் இப்போது எங்கே நிற்கிறது? கார்டுக்குத் திரும்பும் பணத்தைப் பற்றிய கேள்விகள்

வாங்கும்போது ஒரு நொடியில் போன பணம், திரும்பி வர மட்டும் ஏன் ஒரு வாரம் ஆகிறது?

வாங்கும்போதும் பணம் ஒரு நொடியில் போகவில்லை. போனதுபோல் தெரிந்தது, அவ்வளவுதான். நீங்கள் கார்டு விவரத்தைக் கொடுத்ததும் விற்பனையாளரின் வங்கி, விசா அல்லது மாஸ்டர்கார்டு போன்ற கார்டு வலையமைப்பின் வழியாக உங்கள் வங்கியிடம் ஒரு கேள்வி கேட்கிறது: இந்தத் தொகைக்குப் பொறுப்பேற்பீர்களா? உங்கள் வங்கி இருப்பைப் பார்த்து, சரி என்று பதில் சொல்லி, அந்தத் தொகையை மட்டும் தனியே ஒதுக்கி வைக்கிறது. திரையில் குறைந்த இருப்பு அந்த ஒதுக்கீட்டின் விளைவு. வங்கியிலிருந்து வங்கிக்கு உண்மையான பணம் போவது பெரும்பாலும் அடுத்த ஓரிரு வேலை நாட்களில்தான். பொருள் கைக்கு வந்துவிட்டதால் அந்த இடைவெளி நம் கண்ணில் படுவதில்லை.

ரீஃபண்டும் ஏறக்குறைய அதே பாதையில், எதிர்த்திசையில் வருகிறது. வேறுபாடு தொடக்கத்தில்தான். உங்களிடம் பணம் இருக்கிறதா என்று தெரியாமல் விற்பனையாளர் பொருளைக் கொடுக்க மாட்டார்; அதனால் அந்தக் கேள்வியும் பதிலும் நொடியில் முடியும்படி அமைக்கப்பட்டன. உங்கள் கணக்கில் பணம் போடுவதற்கு உங்கள் வங்கியிடம் யாரும் முன்னனுமதி கேட்கத் தேவையில்லை என்றே நெடுங்காலம் இருந்தது. ஆகவே ரீஃபண்ட் உங்கள் வங்கிக்கு எந்தத் தகவலும் இல்லாமல், அன்றைய கணக்குக் கோப்பில் ஒரு வரியாகப் பயணம் செய்தது. கோப்பு வந்து சேரும்வரை அப்படி ஒன்று இருப்பதே உங்கள் வங்கிக்குத் தெரியாது.

அண்மை ஆண்டுகளில் இந்த நிலை மாறி வருகிறது. ரீஃபண்டுக்கும் முன்கூட்டியே ஒரு செய்தி அனுப்ப வேண்டும் என்று பெரிய வலையமைப்புகள் விதி வகுத்துள்ளன. அதனால்தான் சில வங்கிச் செயலிகளில், விற்பனையாளர் பொத்தானை அழுத்திய சில நிமிடங்களிலேயே "வரவிருக்கும் தொகை" என்று ஒரு வரி தெரிகிறது. ஆனால் அந்த வரியைக் காட்டுவதும் காட்டாததும் உங்கள் வங்கியின் விருப்பம். காட்டினாலும் அது செலவழிக்கக்கூடிய பணம் அல்ல.

வெள்ளிக்கிழமை இரவு "ரீஃபண்ட் அனுப்பிவிட்டோம்" என்று மின்னஞ்சல் வந்தது. அதற்குப் பிறகு உள்ளே என்னதான் நடக்கிறது?

அந்த வெள்ளிக்கிழமையையே எடுத்துக்கொண்டு படிப்படியாகப் பார்ப்போம். இரவு ஒன்பது மணிக்கு விற்பனையாளரின் ஊழியர் ஒருவர் உங்கள் ஆர்டரைத் திறந்து, பணத்தைத் திருப்பித் தரும் பொத்தானை அழுத்துகிறார். மின்னஞ்சல் அந்த நொடியிலேயே உங்களுக்கு வந்துவிடுகிறது. பணம் அப்போது எங்கும் நகரவில்லை. விற்பனையாளருக்காகக் கார்டுப் பணத்தைக் கையாளும் பேமென்ட் கேட்வேயிடம் ஒரு கட்டளை மட்டும் சேர்ந்திருக்கிறது.

கேட்வே முதலில் இரண்டு விஷயங்களைச் சரிபார்க்கிறது. இது எந்தப் பழைய பரிவர்த்தனைக்கான ரீஃபண்ட், கேட்கும் தொகை அந்தப் பரிவர்த்தனையில் மீதமுள்ள தொகைக்குள் இருக்கிறதா என்பது ஒன்று. விற்பனையாளருக்குச் சேர வேண்டிய பணத்தில் இதைக் கழிக்க இடம் இருக்கிறதா என்பது மற்றொன்று. பொதுவாக விற்பனையாளர் தனியாகப் பணம் எடுத்து அனுப்புவதில்லை. அவருடைய அன்றாட விற்பனை வரவிலிருந்து கழித்துக்கொள்வார்கள். விற்பனை மந்தமாக இருந்து வரவு போதாவிட்டால், ரீஃபண்ட் இங்கேயே சத்தமில்லாமல் காத்துக் கிடக்கும். உங்கள் கையில் மின்னஞ்சல் இருக்கும். கட்டளை வாசலைத் தாண்டியிருக்காது. சிறிய விற்பனையாளர்களிடமும், கடையை மூடிக்கொண்டிருப்பவர்களிடமும் இப்படி நடக்க வாய்ப்பு அதிகம்.

நம் கதையில் வரவு போதுமானதாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆனால் அன்றைய கோப்பை மூடும் நேரம் இரவு எட்டு மணி. (இந்த நேரத்தை ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனியே வைத்துக்கொள்கிறது.) ஒரு மணி நேரம் பிந்திவிட்டதால் உங்கள் ரீஃபண்ட் சனிக்கிழமைக் கோப்பில் சேர்கிறது. சனி இரவு அந்தக் கோப்பு மூடப்படுகிறது. விற்பனையாளரின் வங்கி அதிலுள்ள ஒவ்வொரு வரிக்கும் ஓர் அடையாள எண் இட்டு, வலையமைப்புக்கு அனுப்புகிறது. வலையமைப்பு, கார்டு எண்ணின் முதல் சில இலக்கங்களைப் பார்த்து எந்த வரி எந்த வங்கிக்கு உரியது என்று பிரிக்கிறது. பிறகு எல்லா வங்கிகளுக்கும் இடையே கொடுக்கவும் வாங்கவும் வேண்டியதைக் கூட்டிக் கழித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு நிகரத் தொகையை நிர்ணயிக்கிறது. உங்கள் ரீஃபண்டுக்கெனத் தனிப் பணம் எங்கும் பயணம் செய்வதில்லை. ஆயிரக்கணக்கான வரிகளின் நிகரத் தொகைக்குள் அதுவும் கரைந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை வங்கிகளுக்கு இடையிலான பணத் தீர்வு நடக்காது என்றால், அந்த நிகரத் தொகை திங்கட்கிழமை கைமாறும். உங்கள் வங்கி தனக்கு வந்த கோப்பைத் திங்கள் இரவு, அன்றைய கணக்கு முடிப்பின்போது படிக்கும். எந்தக் கார்டு, அதன் பின்னால் எந்தக் கணக்கு என்று பொருத்தி, வரவு வைக்கும். செவ்வாய்க் காலை உங்கள் இருப்பு கூடியிருக்கும்.

காலண்டரில் நான்கு நாள் ஓடிவிட்டது. அதற்குள் முழுதாக முடிந்த வேலை நாள் திங்கட்கிழமை ஒன்றுதான். இதில் யாரும் சோம்பல்படவில்லை. திங்கட்கிழமை விடுமுறையாக இருந்தால் புதன். விற்பனையாளருக்கும் அவர் வங்கிக்கும் இடையே இன்னொரு இடைநிலை நிறுவனம் இருந்தால் மேலும் ஒரு நாள். உங்கள் வங்கி வரவுகளை மறுபடி ஒருமுறை சரிபார்த்த பிறகே பதிவு செய்யும் என்றால் இன்னும் ஒன்றிரண்டு நாள். "5 முதல் 10 வேலை நாட்கள்" என்று விற்பனையாளர்கள் எழுதி வைப்பது இதனால்தான். உங்கள் வங்கி வேகமானதா மெதுவானதா என்பது அவர்களுக்குத் தெரியாது; மெதுவான வங்கியை மனத்தில் வைத்தே எழுதுகிறார்கள்.

அப்படியானால் அந்த நாட்களில் என் பணம் யார் கையில் இருக்கிறது? அதை வைத்து யாராவது சம்பாதிக்கிறார்களா?

கோப்பு மூடப்படும்வரை விற்பனையாளர் பக்கம். பணத் தீர்வு நடந்த பிறகு உங்கள் வங்கியிடம். இடையில் அது கணக்குப் புத்தகங்களில் ஒரு கடன்பாடாக மட்டுமே இருக்கிறது. உங்கள் வங்கி தன் கைக்கு வந்ததை ஓர் இரவு வைத்திருந்து மறுநாள் பதிவு செய்வது உண்டு. ஆனால் கவலைப்பட வேண்டிய தாமதம் அதுவல்ல என்பது என் கருத்து. திருப்பி அனுப்பிய பொருள் கிடங்குக்குப் போய்ச் சேர்ந்து, அதை ஒருவர் பிரித்துப் பார்த்து, ஒப்புதல் தந்து, பிறகு பொத்தானை அழுத்தும்வரை பல நாட்கள் கடந்துவிடுகின்றன. அத்தனை நாளும் பணம் விற்பனையாளரிடம்தான். வங்கிப் பயணம் அதற்குப் பிறகே தொடங்குகிறது. ஆகவே "ரீஃபண்ட் கோரிக்கை ஏற்கப்பட்டது" என்ற செய்தி வந்த நாளிலிருந்து எண்ணாதீர்கள். அனுப்பப்பட்ட நாளைக் கேட்டு அதிலிருந்து எண்ணுங்கள்.

நண்பர் ஆர்டரை அன்றைக்கே ரத்து செய்தார், அவருக்கு உடனே வந்துவிட்டது. எனக்கு மட்டும் ஏன் இழுக்கிறது?

அவருக்கு ரீஃபண்ட் நடக்கவே இல்லை. அவருடைய வங்கி தொகையை ஒதுக்கி மட்டும் வைத்திருந்தது; விற்பனையாளர் அதை இன்னும் வசூலிக்கவில்லை. ரத்து செய்ததும் "ஒதுக்கியதை விட்டுவிடுங்கள்" என்று ஒரு செய்தி போனது, இருப்பு பழைய நிலைக்கு வந்தது. பணம் போகவே இல்லை என்பதால் திரும்பி வர வேண்டியதும் இல்லை. உங்கள் விஷயத்தில் வசூல் முடிந்துவிட்டது. இனி புதிதாக ஒரு பரிவர்த்தனை எதிர்த்திசையில் கிளம்பியாக வேண்டும்.

இதில் இரண்டு குழப்பங்கள் அடிக்கடி நேர்கின்றன. முதலாவது, ரத்தான ஒதுக்கீட்டுக்கு வரவு என்று தனி வரி எதுவும் வராது. பழைய பற்று வரியே மறைந்துவிடும். வரவைத் தேடித் தேடி, வரவில்லை என்று புகார் செய்பவர்கள் பலர். அப்போது பட்டியலைப் பார்க்காமல், இருப்புத் தொகையைக் கூட்டிப் பாருங்கள். இரண்டாவது, விற்பனையாளர் அந்த விடுவிப்புச் செய்தியை அனுப்பத் தவறினால், ஒதுக்கீடு தானாகக் காலாவதியாகும்வரை நீங்கள் காத்திருக்க வேண்டும். சாதாரணமாக அதற்கு ஒரு வாரம்வரை ஆகலாம். ஹோட்டல் அறை, வாடகைக் கார் போன்றவற்றுக்கான முன்தொகையில் இன்னும் நீளும். அப்படிச் சிக்கியிருந்தால் விற்பனையாளரிடம் ரீஃபண்ட் கேட்டுப் பயனில்லை, அவரிடம் பணமே வரவில்லை. ஒதுக்கீட்டை விடுவிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும்.

விற்பனையாளர் "அனுப்பிவிட்டோம்" என்கிறார், வங்கி "எதுவும் வரவில்லை" என்கிறது. யாரை நம்புவது?

இருவரும் உண்மையையே சொல்லிக்கொண்டிருக்கலாம். வாக்குவாதத்தை நிறுத்தி, விற்பனையாளரிடம் அந்த ரீஃபண்டின் ஏ.ஆர்.என். எண்ணைக் கேளுங்கள். விற்பனையாளரின் வங்கி கோப்பிலுள்ள ஒவ்வொரு வரிக்கும் இடுவதாக மேலே சொன்ன அடையாள எண் இதுதான். 23 இலக்கங்கள் கொண்டது. உங்கள் வங்கியின் வாடிக்கையாளர் சேவையில் இருப்பவர் இதை வைத்துக் கோப்புகளில் தேட முடியும். பெயரையும் தொகையையும் மட்டும் சொன்னால், கணக்கில் ஏற்கெனவே பதிவானவற்றைத்தான் அவரால் பார்க்க முடியும்.

இந்த எண்ணை நீங்களே ஓரளவு படிக்கலாம். முதல் இலக்கம் வகையைக் குறிக்கும். அடுத்த ஆறு, விற்பனையாளரின் வங்கியை. எட்டாவது முதல் பதினொன்றாவது வரையுள்ள நான்கு இலக்கங்கள்தான் நமக்கு முக்கியம். அவை தேதி. அவற்றில் முதலாவது, ஆண்டின் கடைசி இலக்கம். மற்ற மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதைச் சொல்லும். எடுத்துக்காட்டாக, அந்த இடத்தில் 5073 என்று இருந்தால், 2025ஆம் ஆண்டின் 73ஆவது நாள்: ஜனவரியில் 31, பிப்ரவரியில் 28, ஆக 59, மீதி 14. அதாவது மார்ச் 14. விற்பனையாளர் மார்ச் 10ஆம் தேதியே அனுப்பிவிட்டதாகச் சொல்லியிருந்தால், அந்த நான்கு நாட்களும் அவர் பக்கத்தில்தான் கழிந்திருக்கின்றன. உங்கள் வங்கியைக் கடிந்துகொள்ள வேண்டியதில்லை.

எண்ணே இன்னும் உருவாகவில்லை என்று பதில் வந்தால், அதுவும் தெளிவான தகவல்தான்: ரீஃபண்ட் இன்னும் விற்பனையாளர் பக்கத்தை விட்டுக் கிளம்பவில்லை. அனுப்பியதாகச் சொல்லி ஓரிரு வேலை நாட்கள்வரை அப்படி இருப்பது இயல்பு. அதற்கு மேலும் எண் இல்லையென்றால், வரவு போதாமல் தேங்கி நிற்கிறதா என்று நேரடியாகவே கேளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. வாங்கிய பரிவர்த்தனைக்கும் ஓர் ஏ.ஆர்.என். உண்டு. அவசரத்தில் விற்பனையாளரின் ஊழியர் அதை எடுத்துக் கொடுத்துவிடுவது சாதாரணமாக நடக்கிறது. வங்கியில் தேடினால் பழைய பற்று வரி மட்டுமே வரும். "ரீஃபண்ட் எதுவும் இல்லை" என்று பதில் சொல்லிவிடுவார்கள். எண்ணிலுள்ள தேதி, நீங்கள் பொருளை வாங்கிய நாளை ஒட்டி இருந்தால், உங்களுக்குத் தவறான எண் தரப்பட்டிருக்கிறது என்று பொருள். சில டெபிட் கார்டு வலையமைப்புகளில் இந்த 23 இலக்க எண் இருக்காது. அங்கே 12 இலக்கக் குறிப்பெண் ஒன்றைத் தருவார்கள், அதுவே போதும்.

பணம் செலுத்திய கார்டு காலாவதியாகிவிட்டது. ரீஃபண்ட் காற்றோடு போய்விடுமா?

போகாது. கார்டு காலாவதியானாலும், தொலைந்து புதியது வாங்கியிருந்தாலும், பழைய எண்ணின் பின்னால் எந்தக் கணக்கு இருந்தது என்பது உங்கள் வங்கிக்குத் தெரியும். பெரும்பாலும் தானாகவே அந்தக் கணக்கில் சேர்ந்துவிடும். சில நேரம் ஊழியர் ஒருவர் பார்த்துப் பொருத்த வேண்டியிருப்பதால் கூடுதலாகச் சில நாட்கள் ஆகும்.

கணக்கையே மூடியிருந்தால்தான் சிக்கல். வங்கி அதைப் பிடித்து வைத்து வேறு வழியில் உங்களுக்குத் தரலாம், அல்லது விற்பனையாளரின் வங்கிக்கே திருப்பி அனுப்பலாம். திரும்பிப் போனதை விற்பனையாளர் உங்களுக்குச் சொல்வார் என்று எதிர்பார்க்காதீர்கள். அவருடைய கணக்கில் விளக்கமில்லாத ஒரு வரவாக அது கிடக்கக்கூடும். ஏ.ஆர்.என். எண்ணுடன் பழைய வங்கியை முதலில் கேளுங்கள். அவர்கள் திருப்பி அனுப்பியிருந்தால் அதற்கான தேதியை எழுத்தில் வாங்கி விற்பனையாளரிடம் கொடுங்கள். அதன் பிறகு வேறு கணக்கு எண்ணைக் கேட்பதில் அவருக்குத் தயக்கம் இருக்காது.

அதற்கு ஏன் இத்தனை சுற்று? வேறு கணக்கு எண் தருகிறேன், நேராக அதில் போடச் சொன்னால் மறுக்கிறார்களே?

கார்டில் வாங்கிய பணம் அதே கார்டுக்குத்தான் திரும்ப வேண்டும் என்பது வலையமைப்புகளின் பொதுவான விதி. அதற்குக் காரணம் இருக்கிறது. திருடிய கார்டில் ஒருவன் பொருள் வாங்கி, அதை ரத்து செய்து, பணத்தைத் தன் சொந்தக் கணக்குக்கு அனுப்பச் சொன்னால், திருட்டுக் கார்டு கைப்பணமாகிவிடும். இன்னொன்றும் உண்டு: கணக்குக்குத் தனியாக அனுப்பிய பணம், கார்டு வலையமைப்பின் பதிவில் இருக்காது. வாங்கியவர் பிறகு தன் வங்கியில் "ரீஃபண்ட் வரவில்லை" என்று புகார் செய்தால், விற்பனையாளர் இரண்டாவது முறையும் இழக்க நேரும். நேர்மையான வாடிக்கையாளருக்கு இது எரிச்சலூட்டுகிறது என்பது எனக்குப் புரிகிறது. ஆனாலும் இந்த மறுப்பில் நியாயம் இருக்கிறது.

ரசீதில் இருக்கும் கடைசி நான்கு எண்கள் என் கார்டில் இல்லையே?

கைப்பேசியில் கார்டைச் சேமித்து, அதைத் தட்டிப் பணம் செலுத்தியிருப்பீர்கள். அப்போது கார்டின் உண்மையான எண்ணுக்குப் பதிலாக, அந்தக் கைப்பேசிக்கென உருவாக்கப்பட்ட மாற்று எண்தான் விற்பனையாளருக்குப் போகிறது. இரண்டும் ஒரே கணக்கில்தான் முடிகின்றன. கைப்பேசியிலுள்ள கார்டு விவரத்தைத் திறந்தால் அந்த நான்கு எண்கள் அங்கே இருக்கும்.

கிரெடிட் கார்டு பில் வந்துவிட்டது. ரீஃபண்ட் வரப்போகிறதே, அந்தத் தொகையைக் கழித்துக்கொண்டு கட்டலாமா?

கட்ட வேண்டிய கடைசி நாளுக்குள் ரீஃபண்ட் பதிவாகவில்லை என்றால், முழுத் தொகையையும் கட்டிவிடுங்கள். பில் தயாரான நாளில் இருந்த கணக்குதான் பில். பிறகு வரும் ரீஃபண்ட் அடுத்த பில்லில் வரவாக நிற்கும். குறைத்துக் கட்டி, ரீஃபண்ட் இரண்டு நாள் பிந்தினால், வட்டியும் தாமதக் கட்டணமும் உங்கள் தலையில் விழும். இன்னொன்று, பல வங்கிகள் ரீஃபண்டை நீங்கள் செலுத்திய தவணையாகக் கருதுவதில்லை. ரீஃபண்ட் பெரிய தொகையாக இருந்தாலும் குறைந்தபட்சத் தொகையைத் தனியே கட்டத்தான் வேண்டும். அதிகமாகக் கட்டியது வீணாகாது. அடுத்த செலவில் கழிந்துவிடும், அல்லது கேட்டால் வங்கி திருப்பித் தரும்.

வேறு நாட்டு நாணயத்தில் வாங்கினேன். முழு ரீஃபண்ட் என்றார்கள், ஆனால் கொஞ்சம் குறைவாக வந்திருக்கிறது.

விற்பனையாளர் தன் நாணயத்தில் 100 வாங்கினார், 100 கொடுத்தார். அவர் கணக்கு சரி. உங்கள் பக்கத்தில் வாங்கியது ஒரு நாள் மாற்று விகிதத்தில், திரும்பியது வேறொரு நாள் விகிதத்தில். விகிதம் உங்களுக்குச் சாதகமாக நகர்ந்திருந்தால் கூடுதலாகவே வந்திருக்கும். குறையில் ஒரு பகுதி, வாங்கியபோது உங்கள் வங்கி பிடித்த அயல்நாணயக் கட்டணமாக இருக்கலாம். அதைத் திருப்பித் தருவதா என்பது வங்கிக்கு வங்கி மாறும். கேட்டுப் பார்க்க வேண்டியது உங்கள் வங்கியிடம்தான்.

எத்தனை நாள் பொறுத்த பிறகு வங்கியில் முறைப்படி புகார் கொடுக்கலாம்?

விற்பனையாளர் ரீஃபண்ட் தருவதாக எழுத்தில் ஒப்புக்கொண்டும் பணம் வரவில்லை என்றால், கார்டு வலையமைப்பின் விதிகளின்படி உங்கள் வங்கி அதை விற்பனையாளரின் வங்கியிடமிருந்து திரும்பக் கேட்க முடியும். விசாவில் இந்த வகைப் புகாருக்கு 13.6 என்று எண் இருக்கிறது. விற்பனையாளர் ரீஃபண்டை உறுதிசெய்த ஆவணத்தின் தேதியிலிருந்து பொதுவாக 15 நாட்கள் காத்திருந்த பிறகே வங்கி இதைத் தொடங்கும். மறுமுனையில் 120 நாள் என்ற வரம்பும் உண்டு. "அடுத்த வாரம், அடுத்த வாரம்" என்று ஒருவர் உங்களை மாதக்கணக்கில் இழுத்தடித்தால், இந்த வரம்பை மனத்தில் வையுங்கள். வங்கிக்குப் போகும்போது ரீஃபண்டை உறுதிசெய்த மின்னஞ்சல், பொருளைத் திருப்பி அனுப்பியதற்கான ரசீது, ஏ.ஆர்.என். கேட்டும் தரவில்லை என்பதைக் காட்டும் கடிதப் போக்குவரத்து மூன்றும் கையில் இருக்கட்டும்.

ரீஃபண்ட் வழியில் வந்துகொண்டிருக்கும்போதே அவசரப்பட்டுப் புகார் கொடுக்காதீர்கள். இரண்டு பக்கமிருந்தும் பணம் வந்து சேர்ந்தால், ஒன்றை வங்கி பிறகு திரும்ப எடுத்துக்கொள்ளும், அதை நீங்கள் அதற்குள் செலவழித்திருந்தாலும். சரியான ஏ.ஆர்.என். கையில் இருந்து, அதிலுள்ள தேதியிலிருந்து பத்து வேலை நாட்கள் கடக்கவில்லை என்றால் பொறுத்திருங்கள். அந்த எண்ணே கிடைக்காமல் பதினைந்து நாட்கள் கடந்துவிட்டால், விற்பனையாளரிடம் இன்னொரு முறை கேட்டுக்கொண்டிருக்காமல் வங்கிக்கு எழுதுங்கள்.